ஒரு ‘சார்’ போதும்

திருப்பூரில் எந்தப் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்துக்குள் போனாலும் மெர்ச்சண்டைசர் என்று ஒருவர் இருப்பார். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரருக்கும், இங்கே நூல், நிட்டிங், சாயம், தையல், பேக்கிங் என்று ஓடுகிறவர்களுக்கும் நடுவில் நிற்பவர் அவர். அவருடைய வேலையில் பாதி, மெயில் எழுதுவது. தமிழ்வழியில் பள்ளி முடித்து, கல்லூரியில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டி, படித்து முடித்த கையோடு அந்த நாற்காலியில் உட்காரும் பிள்ளைகளின் மெயில்களைத் திருத்திக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. இலக்கணப் பிழையைத் திருத்துவதில் சிரமமே இல்லை. மரியாதை என்று நினைத்து அவர்கள் அடுக்கி வைத்திருக்கும் சொற்களை எடுப்பதுதான் சிரமம். எடுத்ததும் முகம் வாடிவிடும். “சாரைத் தூக்கிட்டா திமிரா தெரியாதுங்களா?” என்று கேட்பார்கள்.

அந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. ‘சார்’ போடாததால் வசவு வாங்கியவர்கள் நம் ஊரில் உண்டு. ஆகவே எதை எடுக்கலாம், எடுத்த இடத்தில் எதை வைத்தால் மரியாதை குறையாது என்று சொல்லிக் கொடுக்காமல், “சுருக்கமாக எழுது” என்று மட்டும் சொல்வது பாதி வேலை.

ஒரு மெயிலைப் பார்ப்போம். இந்த வகையில் வருகிற மெயில்களின் பொதுவான அச்சு இது. மூலம் ஆங்கிலம்; தொனி மாறாமல் தமிழில் தருகிறேன்.

“மதிப்பிற்குரிய சார்/மேடம், இந்த நாளின் வாழ்த்துகள். இந்த மெயில் தங்களை நல்ல உடல்நலத்தோடும் உற்சாகத்தோடும் காணும் என்று நம்புகிறேன் சார்/மேடம். உரிய மரியாதையுடன் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது என்னவென்றால், சென்ற வாரம் லேப் டிப் கூரியரில் அனுப்பியிருந்தோம் மேடம். இதுவரை தங்களுடைய மதிப்புமிக்க ஒப்புதல் எங்களுக்கு வந்து சேரவில்லை. தயவுசெய்து இதைக் கவனித்து, ஆவன விரைந்து செய்யும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் சார்/மேடம். முன்கூட்டியே நன்றி.”

லேப் டிப் என்பது, மொத்தத் துணிக்குச் சாயம் போடுவதற்கு முன்னால் சின்னத் துண்டுகளில் நிறம் ஏற்றிப் பார்க்கும் மாதிரி. ஒரே நிறத்தில் ஏ, பி, சி என்று இரண்டு மூன்று சாயல் செய்து அனுப்புவார்கள். வாங்குபவர் தன்னிடம் உள்ள மூல நிறத்தோடு விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்து சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் சாயப்பட்டறைக்குத் துணி போகாது. துணி வராமல் தையல் நடக்காது. கப்பல் ஏற்றும் தேதி தள்ளிப்போகும். பணமும் பெயரும் போகிற விஷயம்.

இப்போது மெயிலை மறுபடி பாருங்கள். எந்த ஆர்டர்? எந்த நிறம்? என்றைக்கு அனுப்பினார்கள்? என்றைக்குள் பதில் வேண்டும்? வராவிட்டால் என்ன ஆகும்? ஒன்றுக்கும் விடையில்லை. மரியாதைச் சொற்கள் வரிக்கு வரி இருக்கின்றன; தகவல் என்று இருப்பது ஒரே வாக்கியம். நான் திருத்துகிற மெயில்களில் இந்த இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. அலங்காரம் நிறைய இருக்கும் இடத்தில் தேதியும் எண்ணும் காணாமல் போயிருக்கும். எழுதுகிறவருடைய கவனம் முழுக்க ‘நான் பணிவாகத் தெரிகிறேனா’ என்பதில் செலவாகிவிடுகிறது. ‘அவருக்கு என்ன தெரிய வேண்டும்’ என்று கேட்டுக்கொள்ள மிச்சம் இருப்பதில்லை.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. “இதுவரை தங்கள் ஒப்புதல் வந்து சேரவில்லை” என்பது எவ்வளவு மலர் தூவினாலும் குற்றச்சாட்டுதான். முன்னும் பின்னும் மேடம் போட்டதால் அது மென்மையாகிவிட்டது என்று எழுதியவர் நினைக்கிறார். படிக்கிறவர் அந்த அலங்காரத்தைத் தாண்டிக் குதித்து நேராக இந்த வரியில் வந்து நிற்கிறார். அதாவது, மரியாதைச் சொல் பத்து இருந்தும் மெயிலில் மரியாதை இல்லை.

திருத்தும்போது நான் முதலில் எதையும் அழிப்பதில்லை. எழுதிய பிள்ளையிடம், “இந்த அம்மா என்ன செய்யணும்? எப்போ செய்யணும்?” என்று மட்டும் கேட்பேன். வாயால் சொல்லும்போது தெளிவாகச் சொல்லிவிடுவார்கள்: “நேவி கலருங்க. பி தான் கரெக்டா இருக்கு. வியாழக்கிழமைக்குள்ள சொன்னா டையிங் போட்டுடலாம். இல்லாட்டி ஒரு வாரம் தள்ளிப்போகும்.” மெயில் அதுதான். அதை வைத்து மறுபடி எழுதினால் இப்படி வரும்.

பொருள்: நேவி லேப் டிப் ஒப்புதல், வியாழனுக்குள், ஆர்டர் எண்ணோடு.

“அன்புள்ள (அவருடைய பெயர்), நேவி நிற லேப் டிப் ஏ, பி, சி மூன்றையும் 4ஆம் தேதி அனுப்பினோம், 8ஆம் தேதி உங்கள் அலுவலகத்தில் சேர்ந்ததாகக் கூரியர் பதிவு காட்டுகிறது. எங்கள் கண்ணுக்கு பி உங்கள் மூல நிறத்துக்கு மிக நெருக்கமாகத் தெரிகிறது. வியாழக்கிழமைக்குள் ஒன்றைத் தேர்ந்து சொல்ல முடியுமா? அன்றைக்குச் சாயத்துக்குத் துணியை அனுப்பிவிட்டால் கப்பல் தேதி மாறாது. மூன்றும் சரியில்லை என்றால் எந்தப் பக்கம் மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள், உடனே புதிய டிப் போட்டு அனுப்புகிறோம். நன்றி.”

சார், மேடம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இதில் அதட்டல் இருக்கிறதா? இல்லை. மரியாதை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். “சொல்ல முடியுமா” என்ற கேள்வியில் இருக்கிறது. ஏன் வியாழக்கிழமை என்று காரணம் சொன்னதில் இருக்கிறது. காரணம் சொல்லாமல் தேதி மட்டும் குறித்தால் அது கட்டளை. பிடிக்கவில்லை என்றால் என்ன செய்யலாம் என்று அவருக்கு வழி விட்டதில் இருக்கிறது. கூரியர் பதிவைத் தேடிப் பார்த்து, அவர் தேட வேண்டிய வேலையை மிச்சப்படுத்தியதில் இருக்கிறது. ‘நீங்கள் பதில் போடவில்லை’ என்று எங்குமே சொல்லாததில் இருக்கிறது. சொல்லைக் கழித்தபோது மரியாதையைக் கழிக்கவில்லை. அதை இடம் மாற்றியிருக்கிறோம்.

சரி, இந்த ‘சார்’ ஏன் வரிக்கு வரி வருகிறது? பணிவு அதிகம் என்பது மட்டும் காரணமில்லை. நம் பேச்சின் இலக்கணமே அப்படி. தமிழில் மரியாதை வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘அனுப்பு’ என்பதற்கும் ‘அனுப்புங்க’ என்பதற்கும் உள்ள தூரம் எல்லாருக்கும் தெரியும். கொங்கு நாட்டில் ‘சரிங்க’, ‘இல்லைங்க’, ‘வந்துட்டேனுங்க’ என்று ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் மரியாதை ஒட்டிக்கொண்டே வரும். ஆங்கிலத்தில் அந்த வால் இல்லை. ‘செண்ட்’ என்றால் பெரியவருக்கும் செண்ட்தான், சின்னவருக்கும் செண்ட்தான். அந்த மொட்டை வினைச்சொல்லை ஒரு பெரியவரிடம் நீட்ட நம் பிள்ளைகளுக்குக் கை கூசுகிறது. ‘ங்க’ இருக்க வேண்டிய இடத்தில் ‘சார்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. “ஓகே சார், செண்ட் பண்ணிட்டேன் சார், செக் பண்ணுங்க சார்” என்பதைக் கேட்டாலே இது விளங்கும்.

காரணம் விளங்கினால் மருந்தும் விளங்கும். ஆங்கிலத்துக்கும் அதன் ‘ங்க’ இருக்கிறது. அது வேறு இடத்தில் இருக்கிறது. ‘செண்ட் மீ’ என்பதை ‘குட் யூ செண்ட் மீ’ என்று கேள்வியாக்கினால் அதுவே ‘அனுப்புங்க’. ‘வுட் இட் பி பாஸிபிள்’ என்றால் இன்னும் ஒரு படி பணிவு. இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு பிள்ளைகளே சாரை விட்டுவிடுகிறார்கள், கைகூச்சம் போய்விடுகிறது. சொல்லிக் கொடுக்காமல் சாரை மட்டும் அடித்தால் “செண்ட் தி அப்ரூவல் பை தர்ஸ்டே” என்று மொட்டையாக ஒரு வரி மிஞ்சும். அது நிஜமாகவே திமிராகத்தான் தெரியும். பிள்ளைகள் பயந்தது இதற்குத்தான், அந்தப் பயம் சரியும்கூட.

‘கைண்ட்லி’யைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்கு அது ‘தயவுசெய்து’. இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ வளர்ந்தவர் பலருக்கு அது கொஞ்சம் பழைய காலத்துக் கண்டிப்பாகக் காதில் விழும். மெயிலில் ஒரே ஒரு ‘ப்ளீஸ்’ அந்த வேலையைச் செய்துவிடும். ‘டூ தி நீட்ஃபுல்’ என்பதை நான் எந்த மெயிலிலும் விடுவதில்லை. பழையது என்பதால் மட்டும் இல்லை. ஆவன என்றால் எது என்று அதில் இல்லை என்பதால். அந்த மூன்று சொல்லை எடுத்துவிட்டு, செய்ய வேண்டியது எதுவோ அதை அங்கே எழுதச் சொல்வேன்.

இனி முகப்பு வாக்கியம். “இந்த மெயில் தங்களை நலமாகக் காணும் என்று நம்புகிறேன்.” கைப்பேசியில் மெயில் பெட்டியைத் திறந்தால் அனுப்பியவர் பெயர், பொருள், அதன் கீழே கடிதத்தின் முதல் சில சொற்கள் தெரியும். திறப்பதா, பிறகு பார்ப்பதா என்று அவர் முடிவு செய்வது அந்தச் சில சொற்களை வைத்து. அந்த இடத்தில் நூறு பேர் நூறு பேருக்கு எழுதும் ஒரே வாக்கியத்தை வைத்தால் இடம் வீண். அதற்காக நலம் விசாரிப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். அவருக்கு மட்டும் பொருந்துவதாக இருந்தால் அது நிற்கட்டும். “சென்ற வாரம் எங்கள் யூனிட்டுக்கு வந்து நேரில் பார்த்ததற்கு நன்றி” என்பது மலர்ச்சொல் இல்லை, உண்மையான மரியாதை. “அறுவை சிகிச்சைக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிவிட்டீர்கள் என்று அறிந்தேன், மகிழ்ச்சி” என்பதும் அப்படித்தான். வேறு யாருக்கு அனுப்பினாலும் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். பொருந்தும் என்றால் எடுத்துவிடலாம்.

அந்தச் சாய்கோட்டையும் கவனியுங்கள்: சார்/மேடம். மரியாதை காட்டப் போட்ட சொல், ‘நீங்கள் ஆணா பெண்ணா என்றுகூட நான் பார்க்கவில்லை’ என்று சொல்லிவிடுகிறது. பெண் அதிகாரிக்கு ‘டியர் சார்’ என்று போவது இதைவிட மோசம். ஏற்றுமதித் தொழிலில் மறுமுனையில் இருப்பவர்களில் பெண்கள் ஏராளம். அவருடைய முந்தைய மெயிலின் அடியில் கையெழுத்து இருக்கும், அதில் பெயர் இருக்கும். பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதுவதைப் போன்ற மரியாதை வேறில்லை. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை என்றால் முழுப்பெயரையும் அப்படியே எழுதிவிடலாம், மிஸ்டரும் வேண்டாம் மிஸ்ஸும் வேண்டாம். நம்மவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் கடிதத்தில் அப்பா பெயரைப் போட்டு ‘மிஸ்டர்’ என்று அழைத்திருப்பார்கள்; நம் தலைப்பெழுத்து முறை அவர்களுக்குப் புரியாது. அதனால் நாமும் நம் பெயரை மெயிலின் அடியில் எப்படி அழைக்க வேண்டுமோ அப்படி எழுதிவிடுவது நல்லது.

‘டியர்’ போட நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்கள், தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். மேலதிகாரிக்கு ‘அன்பே’ என்று எழுதுவது போலத் தோன்றுகிறது என்பார்கள். அலுவலக ஆங்கிலத்தில் அது கடிதத்தின் வாசற்படி மட்டும்தான், வேறு அர்த்தம் எடுக்க மாட்டார்கள். இன்னும் தயக்கமாக இருந்தால் ‘ஹலோ’வோடு பெயர், அதிலும் குறைவில்லை.

ஆனால் இதெல்லாம் எல்லா இடத்துக்கும் ஒன்றல்ல. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பெயர் போதும். அதே அலுவலகத்தில் பக்கத்து அறையில் இருக்கும் நிர்வாகிக்கு, அவரே சொல்லாத வரை, பெயரைப் போட்டு எழுதச் சொல்ல மாட்டேன். முதல் வரியில் ஒரு ‘சார்’. அதோடு நிறுத்திவிட்டு விஷயத்துக்கு வரலாம். அரசு அலுவலகத்துக்கு எழுதும்போதும் அதே கணக்குதான். மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேட்டைப் பார்த்தால், முறையான அரசுக் கடிதம் மேலே ஒரு சார் அல்லது மேடத்தோடு தொடங்கி, கீழே ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’யோடு முடிகிறது. நடுவில் வரிக்கு வரி சார் கிடையாது. நம் மாநிலத்துக் கடித முறையும் அப்படித்தான்: அனுப்புநர், பெறுநர், ஒரு ‘ஐயா’, பொருள், பார்வை, பிறகு விஷயம். ஆக, மிகவும் இறுக்கமான சம்பிரதாயமே ஒன்றோடு திருப்தி அடைகிறது. மீதியெல்லாம் நாமாகச் சேர்த்தவை.

நாமாகவா என்றால், அதிலும் ஒரு வரலாறு இருக்கிறது. கம்பெனி ஆட்சிக் காலத்திலும் அதன் பிறகும் மேலதிகாரிக்குப் போன கடிதங்கள் ‘தங்கள் மிகவும் கீழ்ப்படிந்த ஊழியன்’ என்றுதான் முடிந்தன. மனு எழுதித் தரும் எழுத்தர்கள் அந்த நடையைத் தமிழில் வளர்த்தார்கள். சமூகம், மேன்மை, கருணை, தாழ்மை எல்லாம் அங்கிருந்து வந்தவை. அவற்றைச் சுமந்தவர்கள் எப்போதும் கேட்கிற இடத்தில் நின்றவர்கள். இன்றைக்கும் ரேஷன் அட்டையில் பெயர் திருத்தக் கேட்கும் மெயில் ‘கருணை கூர்ந்து’ என்று தொடங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. அது கருணை இல்லை, அவருக்குச் சேர வேண்டியது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 6ஆவது பிரிவு, தகவல் ஏன் வேண்டும் என்று விண்ணப்பதாரர் காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது. சட்டம் கெஞ்சச் சொல்லாத இடத்தில் நாம் கெஞ்ச வேண்டியதில்லை. “ஐயா, என் குடும்ப அட்டையில் மகளின் பெயர் தவறாக உள்ளது. சரியான பெயர் இது. பிறப்புச் சான்று இணைத்துள்ளேன். திருத்தித் தர வேண்டுகிறேன்.” இதில் ‘வேண்டுகிறேன்’ என்பதே போதுமான பணிவு.

பெரிய நாற்காலியில் இருந்தவர்கள் சிலரே இதைத் தொடங்கி வைத்திருக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த கே. சந்துரு, தன்னை ‘மை லார்ட்’ என்று அழைக்க வேண்டாம் என்று வழக்கறிஞர்களிடம் சொன்னார். அதனால் அவர் நீதிமன்றத்தின் கண்ணியம் குறைந்துவிடவில்லை. 2021இல் பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் ஊராட்சி, தன் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் சார், மேடம் என்று அழைக்க வேண்டியதில்லை, பதவியையோ பெயரையோ சொல்லலாம் என்று தீர்மானம் போட்டது. இரண்டிலும் கவனிக்க வேண்டியது, விடுதலை மேலிருந்து வந்தது என்பதுதான். கீழே இருப்பவர் தானாக விட்டால் திமிர். மேலே இருப்பவர் விடச் சொன்னால் பெருந்தன்மை. உலகம் அப்படித்தான் பார்க்கிறது.

அடுத்தவர் மெயிலைத் திருத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. அந்த உறவு நம்முடையது இல்லை. எழுதியவரும் பெறுபவரும் பத்து வருடமாக ‘ஐயா’ என்று பழகியவர்களாக இருக்கலாம். ஓய்வு பெற்ற தமிழாசிரியருக்கு அவர் மாணவர் எழுதும் கடிதத்தில் ‘பெருமதிப்பிற்குரிய ஐயா’வை நான் தொட மாட்டேன்; அது அங்கே உயிரோடு இருக்கிற சொல். இரங்கல் கடிதத்திலும் அவசரப்பட்டுக் கத்தரிக்கக் கூடாது. பழைய மெயில் வரிசையைக் கீழே தள்ளிப் பார்த்தால் அவர் எப்படி எழுதுகிறார், எந்தப் பெயரில் கையெழுத்திடுகிறார் என்று தெரிந்துவிடும். அவர் வெறும் முதற்பெயரில் கையெழுத்திட்டால், அந்தப் பெயரில் அழைக்க அனுமதி கொடுத்துவிட்டார் என்று கொள்ளலாம். அவர் மூன்று மெயிலாக முழுப் பதவியோடு கையெழுத்திட்டால், நாமும் ஒரு படி கூடவே நிற்போம். ஒரே நாளில் மாறி மாறிப் போகும் பதில்களில் மட்டும் ஒவ்வொரு தடவையும் வாழ்த்தும் வணக்கமும் தேவையில்லை.

திருத்தி முடித்ததும் நான் கடைசியாகச் செய்வது, அனுப்புகிறவரை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்வது. எதிரில் அந்த ஆள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். எங்கே குரல் கூசுகிறதோ அங்கே மரியாதை குறைந்திருக்கிறது. ஒரு ‘முடியுமா’வோ ஒரு காரணமோ அங்கே சேர்க்க வேண்டும். எங்கே நாக்கு அலுத்துப்போகிறதோ அங்கே இன்னும் ஒரு ‘சார்’ மிச்சம் இருக்கிறது.

குழுத் தலைவர்களுக்கும் மேலாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்குக் கீழே வேலை செய்யும் பிள்ளைகள் தாங்களாக இதை விட மாட்டார்கள். விடுவதற்கு அவர்களுக்குத் துணிவு வராது. அடுத்த முறை ஐந்து ‘சார்’ போட்ட மெயில் வந்தால், அதற்குப் பதில் எழுதும்போது ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: “முதல் வரியில் ஒன்று போதும், தேதியை மட்டும் விட்டுவிடாதே.”